வெறும் வயிற்றில் 94, இரண்டு மணி நேரத்தில் 168: நீர்க்கட்டி உள்ள பெண்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனை வழிகாட்டி

கும்பகோணத்தில் ஒரு லேபில் 16 வருடமாக ரத்தம் எடுக்கும் வேலை எனக்கு. காலை ஏழு மணி வரிசையில் முன்பெல்லாம் சர்க்கரை உள்ள பெரியவர்கள்தான் இருப்பார்கள். இப்போது அவர்களுக்கு நடுவே 20, 25 வயதுப் பெண்களும் கையில் ஸ்கேன் கவரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் பக்கத்தில் அம்மா இருப்பார்.

அப்படித்தான் நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்கு 26 வயது. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். பீரியட்ஸ் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, முகவாயில் முடி, கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருக்கிறது. ஸ்கேனில் நீர்க்கட்டி என்று வந்திருக்கிறது. டாக்டர் சீட்டில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் ஜிடிடி பரிசோதனை எழுதியிருந்தார். அம்மாவுக்கு அது புரியவில்லை. "போன மாசம்தான் சிஸ்டர் வெறும் வயித்துல பார்த்தோம், 94தான் இருந்துச்சு. நார்மல்னு சொன்னாங்களே, மறுபடி எதுக்கு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அன்று நான் அவருக்குச் சொன்னதையும், அடுத்த ஆறு மாதத்தில் அந்தப் பெண் செய்ததையும் வரிசையாக எழுதுகிறேன். புதிதாக இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக.

## முதலில் அந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

நீர்க்கட்டி என்ற சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். கட்டி என்றதும் கரைக்க வேண்டும், எடுக்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. கட்டி கரைக்கும் பொடி, கட்டி கரைக்கும் கஷாயம் என்று விற்பவர்களுக்கும் அது வசதியாகப் போகிறது. டாக்டர்கள் இதை பி.சி.ஓ.எஸ். என்பார்கள். இதில் ஸ்கேனில் தெரிபவை கட்டிகள் அல்ல. சினைமுட்டை வளரும் சின்னஞ்சிறு பைகள் அவை, 2 முதல் 9 மில்லிமீட்டர் வரை இருக்கும். எல்லாப் பெண்களுக்கும் மாதாமாதம் அவற்றில் ஒன்று வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளியே விடும். இவர்களுக்கு நிறையப் பைகள் பாதி வளர்ந்து அப்படியே நின்றுவிடுகின்றன. ஆக, கரைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. வளர்ச்சி ஏன் பாதியில் நிற்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஸ்கேனில் மட்டும் அப்படித் தெரிந்தால் இந்த நோய் என்றும் ஆகிவிடாது. பீரியட்ஸ் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் அதிகமாக இருப்பதன் அடையாளம், ஸ்கேனில் தெரியும் சினைப்பை, இந்த மூன்றில் குறைந்தபட்சம் இரண்டு இருக்க வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் போன்ற வேறு ஹார்மோன் காரணங்களையும் டாக்டர் விலக்கியிருக்க வேண்டும். வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகாத பெண்களுக்கு ஸ்கேனை வைத்து முடிவு சொல்லவே கூடாது. அந்த வயதில் சினைப்பை இயல்பாகவே அப்படித் தெரியும். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளையை ஸ்கேன் எடுத்து நீர்க்கட்டி என்று சொல்லி அழவைத்துக் கூட்டிவருவதைப் பார்க்கும்போது எனக்கு மனசே ஆறாது. அந்த வயதில் பீரியட்ஸ் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் அடையாளம் இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் கணக்கு.

## இதில் சர்க்கரை எங்கே வருகிறது

நாம் சாப்பிட்ட சோறு குளுக்கோஸாகி ரத்தத்துக்கு வருகிறது. இன்சுலின்தான் அதைத் தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் அனுப்புகிறது. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களில் பலருக்குத் தசையும் கல்லீரலும் இன்சுலின் சொல்லுக்குச் சீக்கிரம் இணங்குவதில்லை. உடனே கணையம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலினைச் சுரந்து வேலையை முடிக்கிறது. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். ஒல்லியான பெண்களுக்கும் இது இருக்கலாம்.

வாய்க்கால் தூர்ந்துபோனால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர மதகை அதிகமாகத் திறக்க வேண்டியிருக்கும் அல்லவா? கடைமடை வயல் நனைந்துவிடும். ஆனால் வழியில் இருக்கும் தாழ்ந்த வயலெல்லாம் மூழ்கிப்போகும். இங்கே மூழ்குவது சினைப்பை. தசை இன்சுலினுக்கு இணங்காவிட்டாலும் சினைப்பை நன்றாகவே இணங்குகிறது. கூடுதல் இன்சுலின் பட்டதும் அது ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. அந்த ஹார்மோனைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் சுரக்கிறது. இன்சுலின் ஏறினால் அந்தப் புரதமும் குறைந்துவிடும். முகத்தில் முடி, பரு, முட்டை பாதியில் நிற்பது, பீரியட்ஸ் தள்ளிப்போவது எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. கழுத்துக் கறுப்பும் இன்சுலின் அதிகம் என்பதற்குத் தோல் காட்டும் அடையாளம்தான். பாவம், அந்தப் பெண் அதை அழுக்கு என்று நினைத்து நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கி வைத்திருந்தாள்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். இரவு முழுவதும் எதுவும் சாப்பிடாமல் இருக்கும்போது உடம்புக்கு வேலை குறைவு. கூடுதல் இன்சுலினை வைத்து 94-இல் நிறுத்திவிடுகிறது. ஒரே நேரத்தில் நிறையக் குளுக்கோஸ் உள்ளே வரும்போதுதான் தடுமாற்றம் தெரியும். அதனால்தான் பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு நிறுத்தாமல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், உடல் எடை எவ்வளவாக இருந்தாலும் இதுவே மிகச் சரியான பரிசோதனை என்கிறது. இதைச் செய்ய முடியாத இடத்தில்தான் வெறும் வயிற்று அளவையோ எச்.பி.ஏ.1.சி. என்ற மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியையோ வைத்துக்கொள்ள வேண்டும்.

ரத்தத்தில் இன்சுலின் அளவையே பார்த்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. அந்த அளவு லேபுக்கு லேப் மாறும், எது நார்மல் என்பதற்கும் உறுதியான கோடு கிடையாது. அதற்குச் செலவழிக்கும் காசில் ஜிடிடி செய்துகொள்ளலாம்.

## பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாள்

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். நாளைக்குச் சர்க்கரை டெஸ்ட் என்றதும் மூன்று நாளாகச் சோற்றைக் குறைத்து, இனிப்பை நிறுத்தி, பட்டினி கிடந்து வருகிறார்கள். நல்ல ரிசல்ட் வர வேண்டும் என்ற ஆசைதான். ஆனால் மாவுச்சத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுத் திடீரென்று 75 கிராம் குளுக்கோஸ் குடித்தால், உடம்பு அதற்குத் தயாராக இல்லாமல் அளவு கூடுதலாகக் காட்டும். மூன்று நாளும் வழக்கம்போல் சாப்பிடுங்கள். காய்ச்சல் அடித்தால் தள்ளிப்போடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் முன்னாலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.

முந்தைய இரவு ஒன்பது மணிக்குள் சாப்பிட்டுவிட்டு, காலை ஏழு, எட்டு மணிக்கு வாருங்கள். 8 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, 14 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். காப்பி கூடாது, சர்க்கரை போடாத காப்பியும் கூடாது. எங்கள் ஊரில் இதுதான் பெரிய சோதனை. பஸ் ஸ்டாண்டில் இறங்கினதுமே டிகிரி காப்பி வாசனை மூக்கைப் பிடித்து இழுக்கும். ஒரு வாய் குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், வேறு நாள் வைத்துக்கொள்ளலாம். மறைத்தால் அந்தத் தவறான எண்ணோடுதான் அடுத்த ஒரு வருடம் ஓடும்.

## அந்த இரண்டு மணி நேரம்

முதலில் வெறும் வயிற்றில் ஒரு ரத்தம். பிறகு 75 கிராம் குளுக்கோஸை 250 முதல் 300 மில்லி தண்ணீரில் கரைத்துத் தருவோம். ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். குடிக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து கணக்கு, முடித்த நேரத்திலிருந்து அல்ல. குமட்டல் உள்ளவர்களுக்குச் சில துளி எலுமிச்சை பிழிந்து தருவது வழக்கம். வாந்தி எடுத்துவிட்டால் அந்தப் பரிசோதனை செல்லாது, இன்னொரு நாள் வர வேண்டியதுதான்.

இவ்வளவு குளுக்கோஸை யார் குடிப்பார்கள், இதைக் குடித்தாலே சர்க்கரை வந்துவிடாதா என்று அந்த அம்மா பயந்தார். ஒரு கணக்கு சொன்னேன். 200 மில்லி டம்ளரில் தலைதட்டினால் ஏறக்குறைய 150 கிராம் சாதம். அதில் மாவுச்சத்து 40 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஆக 75 கிராம் குளுக்கோஸ் என்பது இரண்டு டம்ளர் சாதத்துக்குள் அடங்கிவிடுகிறது. உங்கள் மகள் மதியம் எத்தனை டம்ளர் சாப்பிடுவாள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "மூணு இருக்கும்" என்றார். குளுக்கோஸ் தண்ணீர் சோற்றைவிட வேகமாக ரத்தத்தில் சேரும் என்பது உண்மை. ஆனால் அளவில் அது ஊரில் இல்லாத புதிய சுமை ஒன்றும் இல்லை.

இரண்டு மணி நேரமும் உட்கார்ந்திருக்க வேண்டும். சரி, அதுவரை கும்பேஸ்வரர் கோயிலுக்குப் போய்வருகிறோம், பெரிய கடைத்தெருவில் துணி பார்த்துவருகிறோம் என்று பலர் கிளம்புகிறார்கள். நடந்தால் தசை குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், அளவு குறைவாகக் காட்டும். கோயிலுக்கு அப்புறம் போகலாம்.

சீட்டில் ஜிடிடி என்று எழுதியிருந்தும், நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வரச் சொல்லும் இடங்கள் உண்டு. அது வேறு பரிசோதனை. ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்களுக்கு மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அது உதவும். நாலு இட்லி யார் வீட்டு இட்லி, எவ்வளவு பெரியது என்பதற்குக் கணக்கில்லாததால் நோயைக் கண்டுபிடிக்க அது உதவாது. விரலில் குத்திப் பார்க்கும் மெஷினும் அப்படித்தான். தினசரிக் கண்காணிப்புக்கு அது போதும், முடிவு சொல்ல நரம்பில் எடுத்த ரத்தம் வேண்டும்.

இன்னொன்றையும் லேபில் இருப்பவள் என்ற முறையில் சொல்ல வேண்டும். எடுத்த ரத்தத்தை அப்படியே வைத்திருந்தால், அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும். கிராமத்துச் சேகரிப்பு மையத்தில் எடுத்த குழாய் டவுனுக்கு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனால் 150 இருந்தது 132 ஆகத் தெரியலாம். சர்க்கரை கூடியிருப்பவருக்கு நார்மல் என்று சீட்டு போகும். முடிந்தவரை ரத்தம் எடுக்கும் இடத்திலேயே பரிசோதனையும் நடக்கும் லேபுக்கு வாருங்கள். சர்க்கரைக்கு எடுக்கும் குழாய்க்குச் சாம்பல் நிற மூடி இருக்கும். அதில் அணுக்களின் வேலையை அடக்கும் மருந்து இருக்கிறது, ஆனால் அது முழுதாக அடக்கவே ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். எத்தனை மணிக்கு மெஷினில் போடுவீர்கள் என்று கேளுங்கள். கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

## சீட்டைப் படிப்பது

போன மாதம் 94 இருந்த அந்தப் பெண்ணுக்கு அன்று வெறும் வயிற்றில் 93, இரண்டு மணி நேரத்தில் 168. முதல் எண் 100-க்குக் கீழ் என்பதால் நார்மல். இரண்டாவது எண் 140-க்குக் கீழ் இருந்தால் நார்மல், 140 முதல் 199 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 200-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் 126-உம் அதற்கு மேலும் வந்தாலும் நோய்தான். தாகம், எடை குறைதல் போன்ற அறிகுறி எதுவும் இல்லாமல் நோய் அளவு வந்தால், இரண்டாவது முறை பார்த்து உறுதி செய்த பிறகே அந்தப் பெயரை எழுதுவார்கள்.

அவளுக்கு டாக்டர் மூன்று மாதச் சராசரியும் கேட்டிருந்தார். அது 5.9 வந்தது. 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை என்பதால் இரண்டும் பொருந்துவதுபோலத் தெரிந்தது. ஆனால் அவளுடைய ஹீமோகுளோபின் 9.4 தான், இரும்புச்சத்தும் குறைவு. இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகையில் மூன்று மாதச் சராசரி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். நம் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது. அதனால் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், கூடவே ஹீமோகுளோபினும் பாருங்கள். அவள் விஷயத்தில் டாக்டர் 168-ஐத்தான் எடுத்துக்கொண்டார், இரும்பு மாத்திரையும் தொடங்கினார்.

அன்று குறித்துவைத்த மற்ற அளவுகள்: உயரம் 157 சென்டிமீட்டர், எடை 68 கிலோ, இடுப்புச் சுற்றளவு 92 சென்டிமீட்டர். நம் பெண்களுக்கு இடுப்பு 80-க்குள் இருப்பது நல்லது.

## 168 என்ற எண்ணிலிருந்து சாப்பாட்டுக்கு

அவளுக்குப் பிரச்சினை ஒரே நேரத்தில் நிறைய மாவுச்சத்து உள்ளே வரும்போதுதான் என்று இரண்டாவது எண் சொல்லிவிட்டது. ஆகவே சோற்றையே ஒழிக்கத் தேவையில்லை. பி.சி.ஓ.எஸ்.ஸுக்கு இந்த ஒரு உணவுமுறைதான் சிறந்தது என்று எதுவும் நிரூபணமாகவில்லை. வருடக்கணக்கில் கடைப்பிடிக்க முடிவதுதான் நமக்கு வேண்டும். சோற்றைச் சுத்தமாக நிறுத்தச் சொன்னால் டெல்டாவில் யாரும் மூன்று வாரம்கூடத் தாங்க மாட்டார்கள். நிறுத்தியவர்கள் நாலாவது வாரம் இரண்டு மடங்காகச் சாப்பிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அவள் ஒரு வாரம் தான் சாப்பிட்டதை எழுதிக்கொண்டு வந்தாள். காலையில் ஐந்து இட்லி, மதியம் மூன்று டம்ளர் சாதம், மாலையில் காப்பியும் மிக்சரும், இரவு தோசை அல்லது மிச்சச் சாதம். காப்பி நாளைக்கு மூன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. காப்பிச் சர்க்கரை மட்டுமே 30 கிராமுக்கு வந்தது. காய் பெயருக்கு ஒரு கரண்டி. பயறு, முட்டை, மீன் வாரத்தில் இரண்டு நாள் இருந்தால் அதிகம்.

டாக்டரும் ஊட்டச்சத்து நிபுணரும் அவளுக்குச் சொன்ன மாற்றங்கள் சில. மதியச் சோறு மூன்று டம்ளரிலிருந்து ஒன்றரை டம்ளர். குறைந்த இடத்தில் இரண்டு பங்கு பொரியலும், ஒரு கிண்ணம் வேகவைத்த பயறோ, முட்டையோ, மீனோ. வாழைத்தண்டு, வாழைப்பூ, கொத்தவரங்காய், முருங்கைக்கீரை எல்லாம் அவர்கள் கொல்லையிலும் சந்தையிலும் கிடைப்பவை. பயறுக்கும் பஞ்சமில்லை. சம்பா, தாளடி அறுப்புக்குச் சில நாள் முன்பே அதே வயலில் உளுந்தும் பாசிப்பயறும் தெளிக்கிற ஊர் இது. அவர்கள் வீட்டிலேயே அரை மூட்டைப் பயறு இருந்தது, முக்கால்வாசியை விற்றுவிடுவார்களாம்.

அடுத்தது சாப்பிடும் வரிசை. முதலில் பொரியலும் பயறும், பிறகு சோறு. அதே அளவு சாப்பாட்டையே இந்த வரிசையில் சாப்பிடும்போது, சோற்றிலிருந்து வரும் குளுக்கோஸ் மெதுவாக ரத்தத்தில் சேர்கிறது. இதற்குக் காசு செலவில்லை. ஆனால் இலையில் சோறு விழுந்தால்தான் சாப்பாடு தொடங்கியது என்று நினைப்பவர்கள் நாம், பழக இரண்டு வாரம் ஆகும்.

காப்பியில் சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே போனாள். நாலு வாரத்தில் சர்க்கரை இல்லாத காப்பி அவளுக்குப் பழகிவிட்டது.

அரிசி ரகத்தை மாற்றினால் போதுமா என்று அவள் அப்பா கேட்டார். அவர் விவசாயி, அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். பொன்னி, சோனா மசூரி, சுர்தி கோலம் மூன்றையும் சென்னையில் சோதித்தபோது மூன்றுமே சர்க்கரையை வேகமாக ஏற்றும் வகையில்தான் வந்தன. தீட்டாத மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டால் நார்ச்சத்து கூடும், வயிறும் சீக்கிரம் நிறையும். அதையும் மூன்று டம்ளர் சாப்பிட்டால் பலன் இல்லை. பழைய சோறும் அப்படித்தான். ஆறிய சோற்றில் எளிதில் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடுகிறது என்பது உண்மை, ஆனால் அளவைக் குறைக்காமல் அதை மட்டும் நம்பக் கூடாது.

முதல் இரண்டு வாரம் மாலை நாலு மணிக்கு அவளுக்குக் கடுமையாகப் பசித்தது. அப்போது மிக்சருக்குப் பதில் சுண்டல். பசியை அடக்கிக்கொண்டு இருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

## சாப்பிட்டதும் 15 நிமிடம்

வேலை செய்யும் தசை இன்சுலினுக்காகக் காத்திருக்காமல் நேராகவே குளுக்கோஸை எடுத்துக்கொள்கிறது. இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களுக்கு இதைவிட நேரான வழி இல்லை என்பது என் கருத்து. எனவே ஒவ்வொரு பெரிய சாப்பாட்டுக்குப் பிறகும் அரை மணிக்குள் 15 நிமிடம் நடை. மதியத்தில் பங்குனி, சித்திரை வெயிலில் வெளியே போக முடியாது. அவள் வீட்டுக்குள்ளேயே கூடத்திலிருந்து கொல்லைப்புறம் வரை நடந்தாள். இரவில் அம்மாவும் அவளும் வாய்க்கால் கரை ரோட்டில் நடந்தார்கள். இருட்டில் தனியாகப் பெண் நடப்பதா என்று ஊரில் பேசுவார்கள் என்ற தயக்கம் இருந்தது. அம்மா கூட வந்ததும் அது தீர்ந்தது.

மொத்தக் கணக்கு வாரத்துக்கு 150 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. எடை குறைய வேண்டும் என்றால் 250 நிமிடத்துக்குப் பக்கம் போக வேண்டும். வேகம் எவ்வளவு என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதோடு வாரத்தில் தொடர்ச்சியில்லாத இரண்டு நாள் தசைக்குப் பளு. அவள் நாற்காலியிலிருந்து கைப்பிடிக்காமல் எழுந்து உட்கார்வதை 12 முறை வீதம் மூன்று தடவை செய்தாள், சுவரில் கைவைத்துத் தள்ளினாள், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி இறக்கினாள். தையல் வேலையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாள் என்பதால், ஒவ்வொரு ரவிக்கைக்கும் ஒருமுறை எழுந்திருப்பது என்று தானாகவே ஒரு விதி வைத்துக்கொண்டாள்.

## மாத்திரை எழுதினால்

அவளுக்கு டாக்டர் மெட்பார்மினும் எழுதினார். எனக்குச் சர்க்கரையே இல்லையே, சர்க்கரை மாத்திரை எதற்கு என்று அழுதாள். இன்சுலினுக்கு உடம்பை இணங்க வைக்க உதவும் மாத்திரை அது. தனியாக எடுத்துக்கொண்டால் சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளுவது அரிது. வயிற்றுப்போக்கும் குமட்டலும் தொடக்கத்தில் வரலாம். அதனால்தான் 500 மில்லிகிராமில் தொடங்கி, சாப்பாட்டோடு சாப்பிட்டு, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டுவார்கள். மூன்றாவது நாளே நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றித் தருவார். நீண்ட நாள் எடுத்தால் பி12 வைட்டமின் குறையலாம், அதையும் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் மாத்திரைச் சீட்டை வைத்து வாங்காதீர்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் இதைத் தருவார்கள்.

## காலண்டரில் குறிப்பது

எடையைவிட முதலில் காலண்டரைப் பாருங்கள். பீரியட்ஸ் தொடங்கும் நாளை வட்டம் போடுங்கள், இரண்டு வட்டத்துக்கு நடுவே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். 21 முதல் 35 நாளுக்குள் இருந்தால் ஒழுங்கு. 90 நாள் தாண்டியும் வரவில்லை என்றால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு டாக்டரிடம் போக வேண்டும். கர்ப்பப்பையின் உள்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல. குரல் தடிப்பது, சில மாதங்களுக்குள் முகத்திலும் மார்பிலும் முடி வேகமாகப் பரவுவது என்றால் அது வேறு நோயாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று, கல்யாணமானவர்களுக்கு. பீரியட்ஸ் ஒழுங்காகத் தொடங்குகிறது என்றால் முட்டையும் வெளியே வரத் தொடங்கியிருக்கலாம். நீர்க்கட்டி இருக்கிறது, கர்ப்பம் எங்கே தரிக்கப்போகிறது என்று நினைத்துக் கவனமில்லாமல் இருந்துவிட வேண்டாம்.

அவளுடைய காலண்டரில் ஆரம்பத்தில் இடைவெளி 62, 71 நாள். மூன்றாவது மாதம் எடை ஒன்றரைக் கிலோதான் குறைந்திருந்தது, மனம் உடைந்து போனாள். ஆனால் இடைவெளி 44 ஆகியிருந்தது. அதைக் காட்டித்தான் அவளைத் தேற்றினோம். பிறகு 39, அப்புறம் 36. ஆறாவது மாதம் எடை 64.2 கிலோ, இடுப்பு 87. எடை குறைந்திருப்பது சுமார் 5.6 சதவீதம்தான், பி.சி.ஓ.எஸ்.ஸில் அந்த அளவே வேலை செய்யும். ஹீமோகுளோபின் 11.8. மறுபடி குளுக்கோஸ் குடித்துப் பார்த்தோம். வெறும் வயிற்றில் 90, இரண்டு மணி நேரத்தில் 136. முகவாய் முடி அப்படியேதான் இருந்தது. முடியில் மாற்றம் தெரிய ஆறு மாதமாவது ஆகும், சிலருக்கு அதற்குத் தனி மருந்தும் வேண்டியிருக்கும்.

136 என்பது 140-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, மாத்திரையும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. அதனால் அவளுக்கு ஒரு வருடம் கழித்து மறுபடி ஜிடிடி என்று எழுதியிருக்கிறார்கள். முதல் தடவையே நார்மல் வந்தவர்கள், எடை, குடும்பத்தில் சர்க்கரை இருப்பது போன்றவற்றைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அம்மாவிடம் ஒன்று சொல்லி அனுப்பினேன். குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே ஒருமுறை இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். அது முடியாமல் போனால், கர்ப்பம் உறுதியானதும் முதல் தடவை பார்க்கும் டாக்டரிடமே நீர்க்கட்டி இருந்ததையும் 168 வந்ததையும் சொல்லிவிட வேண்டும், பழைய சீட்டையும் கொண்டுபோக வேண்டும். கர்ப்பத்தில் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதே 75 கிராம் குளுக்கோஸ்தான் தருகிறார்கள். ஆனால் வெறும் வயிறு தேவையில்லை, இரண்டு மணி நேரத்தில் 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள். முதலில் நார்மல் வந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். அம்மா அதைச் சீட்டின் பின்பக்கம் எழுதித் தரச் சொன்னார், எழுதிக்கொடுத்தேன்.